நான் நீட்டிய கோடுகள்

அன்று கடைக்குள் இருந்தவர்கள் இவர்கள்.

நான், கணினிக்கு முன்னால். கடைக்கார அண்ணை, போட்டோக்கொப்பி மெசினுக்குப் பக்கத்தில். பல்கலைக்கழக வளாகத்தில் கடைசி வருடம் படிக்கும் பிள்ளை ஒருத்தி, என் மேசையோடு ஒட்டி. மூன்று கிழமைக்கு முதல் அவளுடைய ஆய்வேட்டை நான்தான் திருத்தி எடுத்துக் கொடுத்தேன். பிள்ளையின் தகப்பன், வாசலில், தலையில் போட்ட ஹெல்மெட்டைக் கழற்றாமல்.

நாலு பேர். வேறு ஒருவரும் இல்லை.

பிள்ளை ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களை விரித்து வைத்தாள். ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

“அக்கா, நான் இதில அஞ்சு, கோடு, மூண்டு எண்டுதான் தந்தனான். இப்ப மூண்டில இருந்து அஞ்சு எண்டு கிடக்கு.”

பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.

“ஓம். நான்தான் மாத்தினனான்.”

பிள்ளை தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

நடந்ததை முதலில் இருந்து சொல்ல வேண்டும்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். தர்மபுரத்தில் இருந்து கிளிநொச்சிக்குத் தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். தட்டச்சு ஆறு மாதம் பழகினேன். இந்தக் கடையில் பதினொரு வருடம். வளாகத்துப் பிள்ளைகள் ஆய்வேட்டைக் கொண்டு வருவார்கள். அவர்கள் எழுதுவதில் பாதி எனக்கு விளங்காது. விளங்கத் தேவையும் இல்லை. எழுத்து, இடைவெளி, பக்க எண், கோடு. இவைதான் என் வேலை.

ஆய்வேட்டின் கடைசியில் குறிப்புப் பட்டியல் இருக்கும். உள்ளே சொன்ன ஒவ்வொன்றையும் எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில் எடுத்தது என்று ஒன்று, இரண்டு என இலக்கமிட்டுப் போடுவார்கள். பிள்ளைகள் எல்லாரும் கவலையீனமாகச் செய்வது அந்தப் பட்டியலைத்தான். களைத்துப்போன நேரத்தில் எழுதுவது. ஒரு இடத்தில் ப. என்று இருக்கும், அடுத்ததில் பக். என்று இருக்கும், அதற்கு அடுத்ததில் பக்கம் என்று முழுதாக இருக்கும். ஆங்கிலப் புத்தகம் என்றால் p, pp இரண்டும் கலந்து கிடக்கும். ஒன்றுக்குப் புள்ளி இருக்கும், மற்றதுக்கு இராது.

கோடும் அப்படித்தான். விசைப்பலகையில் இருப்பது கட்டைக்கோடு. சொல்லையும் சொல்லையும் சேர்க்கிற கோடு அது. 45 இல் இருந்து 52 வரை என்று காட்ட அதைவிட நீளமான கோடு வேண்டும். அதற்கு விசை இல்லை. கொன்ரோல் விசையை அழுத்திக்கொண்டு, வலப்பக்க எண்களுக்கு மேலே இருக்கிற கழித்தல் விசையை அழுத்தினால் வரும். நாங்கள் கடையில் நீட்டுக்கோடு என்போம். பிள்ளைகளுக்கு அது தெரியாது. இடைவெளி விட்டுக் கட்டைக்கோடு அடித்தால் சில நேரம் கணினி தானாக நீட்டிவிடும், விடாவிட்டால் கட்டையாகவே நிற்கும். அதனால் ஒரே பட்டியலில் இரண்டு கோடும் கிடக்கும்.

இதை ஒரு சீராக்குவதில் எனக்குப் பெயர் இருந்தது. வளாகத்தில் விரிவுரையாளர்களே அந்தக் கடையில் கொடுங்கோ என்று சொல்லிவிடுவார்களாம். நான் அதைக் கேட்டும் கேட்காதவள் மாதிரி இருப்பேன். ஆனால் கேட்டேன்.

பிழை விட்டுத்தான் பழகினேன். முதல் வருடத்தில் ஒரு பட்டியல் முழுவதிலும் ப. என்பதைப் பக். என்று ஒரே தட்டில் மாற்றச் சொல்லிக் கணினிக்குக் கட்டளை கொடுத்தேன். பக்கம் எல்லாம் மாறியது. கூடவே தகப்பன் பெயர் ப-வில் தொடங்குகிற எழுத்தாளர்களின் முதலெழுத்தும் மாறியது. அண்ணை தாளை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ஆர் பிள்ளை இந்தாள்? தேப்பன் பேர் பக்கோ?”

அந்தக் கிழமை முழுக்க என்னைப் பக் என்றுதான் கூப்பிட்டார். அதற்குப் பிறகு நான் ஒரே தட்டில் மாற்றுவதில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்றுவேன்.

வேறும் கற்றேன். 212 பக். என்று எண் முன்னுக்கு நின்றால் அது புத்தகத்தின் மொத்தப் பக்கம். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் அல்ல. அதைத் தொடக்கூடாது. 145-52 என்று இருந்தால் பின்னோக்கிப் போகவில்லை. 145 இல் இருந்து 152. சுருக்கி எழுதியது. பட்டியலில் மற்றவை முழுதாக இருந்தால் இதையும் 145–152 என்று முழுதாக்க வேண்டும். ஒரு பக்கம் என்றால் ப., கூட என்றால் பக். ஆங்கிலத்துக்கும் அப்படியே, ஒன்றுக்கு p, பலதுக்கு pp. புள்ளிக்குப் பிறகு ஒரு இடைவெளி.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினை.

அந்தப் பிள்ளை ஆய்வேட்டைக் கொண்டு வந்தபோது அதில் மேற்பார்வை செய்கிற விரிவுரையாளர் சேர் பென்சிலால் எழுதியிருந்தார். பக்க எண்களுக்கு இடையில் சரியான கோடு போடவும். ப., பக். முழுப் பட்டியலிலும் சீராக இருக்க வேண்டும். இரண்டே வரி. பிள்ளை அதைக் காட்டினாள். பட்டியலில் நூற்றுப் பதினெட்டுக் குறிப்புகள்.

“அக்கா, நீங்க பாத்துச் செய்வீங்கள்தானே. நான் வயலுக்கை நிக்கோணும், இன்னும் ஆறு பேரைச் சந்திக்கக் கிடக்கு.”

செய்வேன் என்றேன். அவள் போய்விட்டாள்.

அவளுடைய ஆய்வு குளத்துத் தண்ணீரைப் பற்றியது. எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் திறந்தது, கடைசி வயலுக்கு ஏன் போய்ச் சேரவில்லை என்பது. அவளுடைய தகப்பனின் வயல் அந்தக் கடைசி வாய்க்காலில்தான். குளத்தைத் திருத்தியபோது பொறியியலாளர்கள் எழுதிய ஒரு பெரிய அறிக்கை இருக்கிறது. அதன் ஒரே பிரதி நீர்ப்பாசன அலுவலகத்துப் பதிவறையில். பிள்ளை அங்கே போய் இருந்து கையால் எழுதி எடுத்திருந்தாள். படம் எடுக்க அவர்கள் விடவில்லை.

அந்த அறிக்கை பட்டியலில் ஒன்பது இடத்தில் வந்தது. ஒன்பது இடத்திலும் பிள்ளை ப. என்று ஒருமையில் போட்டு, இரண்டு எண்ணைக் கட்டைக்கோட்டால் சேர்த்திருந்தாள். ப. 3-12. ப. 2-14. இப்படி ஆறு.

இரண்டு எண் இருந்தால் பக். அது என் சட்டம். பக். 3–12 ஆக்கினேன். பக். 2–14 ஆக்கினேன்.

ஏழாவது ப. 5-3. எட்டாவது ப. 6-2. இதில் நான் நின்றேன். ஐந்தில் இருந்து மூன்றுக்கு ஒருவரும் வாசிப்பதில்லை. சுருக்கி எழுதியதாகவும் இருக்க முடியாது. பிள்ளை அவதியில் மாற்றி அடித்துவிட்டாள் என்று நினைத்தேன். பக். 3–5, பக். 2–6 என்று திருப்பிப் போட்டேன். ஒன்பதாவது ப. 4-4. நாலில் இருந்து நாலு என்றால் ஒரு பக்கம்தானே. கோட்டை எடுத்துவிட்டு ப. 4 என்று விட்டேன்.

கேட்டிருக்கலாம். பிள்ளையின் இலக்கம் என் போனில் இருந்தது. ஒரு கேள்வி. இது என்ன, அஞ்சு கோடு மூண்டு. அவ்வளவுதான்.

ஏன் கேட்கவில்லை என்று பிறகு நிறைய யோசித்தேன். நேரம் இல்லாமல் அல்ல. கேட்டால், இது கூடத் தெரியாதோ அக்காவுக்கு என்று அவள் நினைப்பாள் என்று நினைத்தேன். வேறு காரணம் இல்லை.

பட்டியல் வடிவாக வந்தது. மேலிருந்து கீழே எல்லாம் ஒரே மாதிரி. பிள்ளை வந்து பார்த்து, தாங்ஸ் அக்கா என்று வாங்கிக்கொண்டு போனாள். புத்தகமாகக் கட்டி வளாகத்தில் ஒப்படைத்தாள்.

பிறகு ஆய்வேட்டைப் பற்றிக் கேட்கிற நேர்முகப் பரீட்சை. வெளியில் இருந்து வந்த பரீட்சகர் ஒரு ஓய்வுபெற்ற பொறியியலாளர். அந்த அறிக்கையை எழுதினவர்களில் அவரும் ஒருவர். அவர் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பட்டியலைத் திறந்திருக்கிறார். இந்த அறிக்கையில் மூன்றில் இருந்து ஐந்து வரை என்று பக்கமே இல்லையே, நீ இதைக் கண்ணால் பார்த்தாயா என்று கேட்டிருக்கிறார். பிள்ளை பார்த்தேன் என்றிருக்கிறாள். அப்படி என்றால் பக்க எண் எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறார். பிள்ளை தன் பட்டியலைக் குனிந்து பார்த்திருக்கிறாள். தான் எழுதியது அதில் இல்லை. என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றிருக்கிறாள்.

பிள்ளை பார்க்காததைப் பார்த்ததாக எழுதியிருக்கிறாள் என்று அவர் நினைத்துவிட்டார். ஒன்பது இடத்தையும் ஆதாரத்தோடு காட்டும் வரை படிப்பை முடித்ததற்கான கடிதத்தில் ஒப்பமிட மாட்டேன் என்றார்.

அந்தக் கடிதம் அவளுக்கு வருகிற புதன்கிழமைக்குள் வேண்டும். புதன்கிழமை நீர்ப்பாசன அலுவலகத்தில் வேலைக்கு இன்டர்வியூ. கடிதம் இல்லாமல் எடுக்க மாட்டார்கள். அவர்கள் கடைக்கு வந்தது வியாழன்.

இதெல்லாம் அவள் அன்று கடையில் நின்று சொன்னவை. கடைசியில், பதிவறையில் இருந்து குறிப்பெடுத்த தன் சீஆர் கொப்பியைத் திறந்து காட்டினாள். அவளுடைய கையெழுத்து. ஓரத்தில் சின்னதாக, அத். 5, ப. 3. அத். என்றால் அத்தியாயம்.

“அந்த அறிக்கையில ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் பக்கம் ஒண்டில இருந்து தொடங்கும் அக்கா. அஞ்சு-மூண்டு எண்டா அஞ்சாம் அத்தியாயத்தில மூண்டாம் பக்கம். அது ஒரு பக்கத்தின்ர பேர்.”

ஒரு பக்கத்தின் பெயர். அதனால்தான் ப. என்று ஒருமையில் போட்டிருந்தாள். அதனால்தான் கட்டைக்கோடு. ஒன்பது இடமும் சரியாகத்தான் இருந்தது. நான்தான் ஒன்பதையும் பிழையாக்கினேன்.

“ஏன் அவரிட்ட என்னைச் சொல்லேல்ல?” என்று கேட்டேன்.

“சொன்னா, அப்ப நீ கட்ட முதல் பட்டியலைப் பாக்கேல்லையோ எண்டு கேப்பார். நான் பாக்கேல்லத்தானே.”

தகப்பன் அப்போதுதான் வாய் திறந்தார். கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் நல்லது.

“தங்கச்சி, எங்கட வாய்க்காலுக்கு ஏன் தண்ணி வரேல்ல எண்டதுதானே அதில இருக்கு. இவள் பொய் எழுதினவள் எண்டா, அதுவும் பொய் எண்டாகிப் போகுமெல்லே.”

நான் ஒன்பது இடத்தையும் ஒவ்வொன்றாகக் குறித்து எடுத்தேன்.

அவர்கள் போனபிறகு கணினியில் பட்டியலைத் திறந்து ஒன்பதையும் பழையபடி ஆக்கினேன். பத்து நிமிடம். பிறகு ஒரு தாள் எடுத்துக் கையால் எழுதினேன். இந்த ஒன்பது இடத்தையும் மாற்றியது பட்டியலைத் திருத்திய நான். பிள்ளை தந்தது இது, நான் ஆக்கியது இது என்று இரண்டு நிரலாகப் போட்டேன். கீழே ஒப்பமிட்டேன்.

அண்ணை வாசித்தார்.

“இதைக் குடுத்தா வளாகத்தில இருந்து ஒரு பிள்ளையும் இஞ்ச வராது.”

“வராட்டிப் போகட்டும் அண்ணை.”

“உனக்குச் சொல்ல லேசு” என்றார். பிறகு தாளைத் திருப்பித் தந்தார். கிழிக்கவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க என்னோடு கதைக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை பிள்ளையும் நானும் நீர்ப்பாசன அலுவலகத்துக்குப் போனோம். பதிவறைப் பூட்டின் திறப்பை வைத்திருக்கிறவர் லீவில். செவ்வாய்தான் வருவார் என்றார்கள். வேறு ஒருவரும் திறக்க முடியாதா என்று கேட்டேன். முடியாது என்றார்கள்.

செவ்வாய் காலை எட்டரைக்கு அங்கே நின்றோம். அவர் ஒன்பதேகாலுக்கு வந்தார். அறிக்கையைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். பிள்ளை பக்கங்களைப் புரட்டினாள். நான் என் தாளை வைத்துக்கொண்டு பார்த்தேன். அடியில், நடுவில், சின்ன எழுத்தில் இருந்தது. 5-3. கட்டைக்கோடு. அதற்கு முதல் பக்கம் 5-2. அதற்கு அடுத்தது 5-4.

எவ்வளவு லேசாக இருக்கிறது என்று நினைத்தேன். ஒரு தடவை கண்ணால் பார்த்திருந்தால் குழந்தைப் பிள்ளைக்கும் விளங்கும்.

ஒன்பது பக்கமும் சரி பார்த்தோம். திறப்புக்காரரிடம் விசயத்தைச் சொன்னோம். பிள்ளை அழுதுவிடுவாள் மாதிரி இருந்தது, அதனால் நான்தான் சொன்னேன். அவர் ஒன்பது பக்கத்தையும் தானே போட்டோக்கொப்பி எடுத்து, ஒவ்வொன்றிலும் அலுவலக முத்திரை குத்தித் தந்தார். விதியில் இடமில்லை, ஆனாலும் தாறன் என்றார்.

பதினொன்றரைக்கு வளாகத்தில் நின்றோம். மேற்பார்வைச் சேர் எல்லாவற்றையும் பார்த்தார். முத்திரைப் பக்கங்களை ஒரு பக்கம் வைத்தார். என் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். உட்காரக் கதிரை இருந்தது. இருக்கச் சொன்னார். இருக்கவில்லை.

“இது தேவைப்படாது. ஆய்வேட்டில பேர் போட்டவவின்ர பொறுப்புத்தான் எல்லாம்.”

“தெரியும் சேர். அது உங்களிட்ட இருக்கட்டும்.”

அவர் அதை மடித்துப் பைலுக்குள் வைத்தார். பிறகு, நான் கேட்காமலே ஒன்று சொன்னார். இப்படிப் பக்கம் போட்ட அறிக்கையில் ஐந்தாம் அத்தியாயத்து மூன்றாம் பக்கத்தில் இருந்து ஏழாம் பக்கம் வரை என்று காட்ட வேண்டுமானால் நீட்டுக்கோடு போடக்கூடாது, கோடும் கோடும் குழம்பும், 5-3 முதல் 5-7 வரை என்று எழுத்தில் எழுதிவிடுங்கோ என்றார். தானும் பென்சிலால் சீராக்கு என்று எழுதினதோடு நின்றுவிட்டதாகவும், இந்த ஒன்பதையும் தொடாமல் என்று எழுதியிருக்க வேண்டும் என்றும் சொன்னார். அது எனக்குச் சொன்னதா, தனக்குச் சொன்னதா என்று தெரியவில்லை.

பரீட்சகர் கொழும்புக்குப் போய்விட்டார். சேர் அவருக்குப் போன் எடுத்தார். அவர் ஆதாரங்களைக் கேட்டுவிட்டு, சரி என்று ஒத்துக்கொண்டார். பிள்ளை பார்க்காமல் எழுதவில்லை என்று இப்போது தெரிகிறது என்றாராம். ஆனால் ஒப்பம் தாளில் வேண்டும். அவர் திரும்பி வருவது அடுத்த திங்கள்.

பிள்ளை புதன்கிழமை கடிதம் இல்லாமல் போனாள். உள்ளே கூப்பிட்டார்களாம். கடிதத்தைக் கேட்டார்களாம். வரும் என்றாளாம். வந்தபிறகு அடுத்த தடவைக்கு விண்ணப்பியுங்கோ என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த தடவை எப்போது என்று அவர்களுக்கும் தெரியாது.

கடிதம் திங்கள் வந்தது.

அவள் இப்போது புதுக்குடியிருப்பில் ஒரு டியூசனில் கணக்குப் படிப்பிக்கிறாள். ஒரு நாள் கடைக்கு வந்தாள், வினாத்தாள் அடிக்க. முதலில் இருந்த மாதிரியே அக்கா என்றுதான் கூப்பிட்டாள். அடித்து முடித்ததும் தாளை வாங்கி, நின்ற இடத்திலேயே ஒவ்வொரு வரியாக வாசித்தாள். முந்தி அப்படிச் செய்யமாட்டாள். வாசித்து முடிக்கும் வரை நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

அண்ணை சொன்ன மாதிரி ஒருவரும் வராமல் விடவில்லை. பிள்ளைகள் வருகிறார்கள். நான் இப்போது கேட்கிறேன். இது என்ன, இது ஏன் இப்படி என்று கேட்கிறேன். சிலர் சிரிப்பார்கள். கேட்கிறேன்.

ஒரு விசயம் மட்டும் மனதில் கிடந்தது. இந்த மாதிரி அறிக்கைகள் வேறு பிள்ளைகளின் பட்டியலிலும் வந்திருக்கும். பதினொரு வருடமாக நான் சீராக்கியிருக்கிறேன். கடைக் கணினியில் பிள்ளைகள் தந்த கோப்பும் இருக்கும், நான் திருத்திய கோப்பும் இருக்கும். முதல் வருடங்களின் கோப்புகள் கணினி பழுதானபோது போய்விட்டன. மற்றவை இருக்கின்றன. மதியச் சாப்பாட்டு நேரங்களில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பார்த்தேன். இரண்டு மாதம் எடுத்தது.

முன்னோக்கிப் போகிற எண்களில் எது பக்கத்தின் பெயர், எது இத்தனையில் இருந்து இத்தனை வரை என்று இனி எனக்குத் தெரியாது. எழுதின பிள்ளைக்கும் நினைவிராது. அவற்றை விட்டுவிட்டேன். பிள்ளை பின்னோக்கி எழுதி, நான் முன்னோக்கித் திருப்பியவற்றை மட்டும் எடுத்தேன். சுருக்கி எழுதியவற்றைக் கழித்தேன். அவற்றோடு, இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்து நான் கோட்டை எடுத்தவற்றையும் சேர்த்தேன்.

அந்த ஆய்வேடுகள் எல்லாம் கட்டப்பட்டு வளாக நூலகத்தில் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளிடம் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. எல்லாருக்கும் கடிதம் கிடைத்தது. இலக்கம் இருந்தவர்களுக்குச் சொன்னேன். பரவாயில்லை அக்கா என்றார்கள்.

நான் பிழையாக்கிய அந்த இடங்களை எண்ணினேன். இன்னொரு தடவை எண்ணினேன்.

முப்பத்தாறு.